தவளை போனால் நெல்லுக்கு என்ன ஆகும்? நூலில் ஓர் உணவு வலைப் பாடம்

7-ம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் வட்டமாக நிற்கிறார்கள். கழுத்தில் நெல், வெட்டுக்கிளி, எலி, தவளை, பாம்பு, ஆந்தை என்று அட்டைகள். இரையாகிறவரிடமிருந்து தின்பவருக்கு ஒரு நூல் போக வேண்டும்: நெல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கும் எலிக்கும், வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கு, எலியிலிருந்து பாம்புக்கும் ஆந்தைக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுவாங்க. 'பாம்புதானே தவளையைப் பிடிக்குது' என்று நூலைத் திருப்பிக் கொடுப்பார்கள். நூல் காட்டுவது ஆற்றல் போகும் திசையை.

இப்போது தவளை நூலை விட்டுவிட்டு உட்காரட்டும். வெட்டுக்கிளி, பாம்பு இருவரின் நூல் மட்டும் தளரும். நெல்லின் நூல் அசையாது. 'அப்ப நெல்லுக்கு ஒண்ணும் ஆகாதா?' என்று ஆசிரியர் கேட்க வேண்டிய இடம் இது. தவளை இல்லாததால் வெட்டுக்கிளி பெருகும், நெல் குறையும். பாம்பு எலியையே தேடும், ஆந்தைக்கு இரை குறையலாம். யாருக்கு யார் தொடர்பு என்பதை நூல் காட்டும். கூடுமா, குறையுமா என்பதை மாணவர்கள்தான் யோசித்துச் சொல்லணும்.