சேதாரமும் செய்கூலியும் கணக்கில் சேரும்

பழைய நகையைக் கடையில் கொடுத்துப் பணமாக்கும் அன்றுதான் பலருக்கும் ஒன்று உறைக்கும். வாங்கும்போது கொடுத்த சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி எதுவும் திரும்பி வராது. கடைக்காரர் உருக்கி, தரம் பார்த்து, நிற்கிற தங்கத்துக்கு மட்டும் காசு தருவார். ‘அதெல்லாம் போனது போனதுதான்’ என்று மனசைத் தேற்றிக்கொண்டு வருகிறோம். அதோடு வருமான வரிக் கணக்குப் போடும்போதும் அந்தத் தொகையை விட்டுவிடுகிறோம். அன்றைய தங்க விலை இவ்வளவு, இன்றைய விலை இவ்வளவு, வித்தியாசம் லாபம் என்று எழுதுகிறோம். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. நகையை வாங்க என்ன செலவானது என்றுதான் கேட்கிறது. அந்தச் செலவில் சேதாரமும் கூலியும் வரியும் அடக்கம்.

முதலில், நகை விற்றால் எதற்கு வரி என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் புழங்கும் கட்டில், பீரோ, பட்டுச்சேலை போன்றவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. சொந்த உபயோகப் பொருள் என்று அவற்றைச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தச் சலுகையிலிருந்து நகையைப் பெயர் சொல்லி வெளியே எடுத்திருக்கிறார்கள். தினமும் கழுத்தில் போட்ட தாலிச் சங்கிலியானாலும் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அது மூலதனச் சொத்து.

ஓர் ஆரத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018-இல் வாங்கிய 22 காரட் ஆரம், கல் இல்லாதது, எடை 40 கிராம், அதாவது ஐந்து பவுன். அன்றைய விலை கிராம் 2,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 1,16,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 5.6 கிராம், அதற்கு 16,240. செய்கூலி 2,000. மூன்றும் சேர்ந்து 1,34,240. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 4,027. ரசீதின் கடைசி வரி 1,38,267 ரூபாய்.

அதே ஆரம் 2025 கடைசியில் விலைக்குப் போகிறது. ஏழு வருடம் போட்டதில் தேய்ந்து, கடைத் தராசில் 39.6 கிராம் காட்டுகிறது. உருக்கிப் பார்த்ததில் பற்றாசும் அழுக்கும் போக 39 கிராமுக்குப் பணம் தருகிறார்கள். கிராம் 11,000 என்றால் 4,29,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

லாபம் என்பது 4,29,000-இல் 1,38,267 போக மீதி: 2,90,733 ரூபாய். நகையை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 12.5 சதவீதம். அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ். இரண்டையும் சேர்த்தால் லாபத்தில் நூற்றுக்குச் சரியாக 13 ரூபாய். ஆக, இந்த ஆரத்துக்கு வரி 37,795.

சேதாரம், கூலி, ஜிஎஸ்டியை விட்டுவிட்டு வெறும் தங்க விலையை மட்டும் அடக்கவிலையாகப் போட்டிருந்தால் லாபம் 3,13,000, வரி 40,690. வித்தியாசம் 2,895 ரூபாய். பிரமாதமான தொகை இல்லைதான். கூலிக்கும் சேதாரத்துக்கும் வரிக்கும் கொடுத்த 22,267 ரூபாயில் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் திரும்புகிறது, அவ்வளவே. ஆனாலும் சட்டப்படி நமக்குச் சேரவேண்டியதை விடுவானேன்? கல் வைத்த நகையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். வாங்கும்போது கல்லுக்குத் தனியாகக் காசு வாங்கும் கடைகள், திரும்ப எடுக்கும்போது பெரும்பாலும் கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுகின்றன. விற்ற விலையில் கல்லுக்கு ஒரு பைசா இல்லாவிட்டாலும், வாங்கிய செலவில் கல்லின் விலை முழுதாக நிற்கும்.

இங்கே ஒரு நெருடல் வரும். வாங்கியது 40 கிராம், காசு வந்தது 39 கிராமுக்கு. அடக்கவிலையையும் 39 கிராமுக்குக் குறைக்கவேண்டுமா? வேண்டாம். முழு நகையும் கைமாறிவிட்டது, அதனால் முழுச் செலவும் கழியும். அதேபோல, உருக்கியதில் போன எடையைத் தனிச் செலவாகக் காட்டவும் முடியாது. அது விற்ற விலையிலேயே குறைந்துவிட்டது. தரம் பார்க்க, உருக்க என்று கடை தனியாகக் கட்டணம் வாங்கி ரசீதில் எழுதியிருந்தால், அதை விற்பனைச் செலவாகக் கழிக்கலாம்.

கூலியை விடக் கூடுதலாகக் கையைக் கடிக்கும் தவறு ஒன்று உண்டு. பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுப்பது நம் வீடுகளில் சகஜம். மேலே சொன்ன ஆரத்தையே, 90,000 ரூபாய்க்குப் பழைய வளையல்களைப் போட்டுவிட்டு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் 1,38,267-இல் பழைய தங்கம் 90,000 கழித்து, ‘செலுத்தவேண்டிய தொகை 48,267’ என்று அடியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பல வருடம் கழித்து ரசீதை எடுப்பவர் கண்ணில் படுவது அந்த எண்தான். அதையே அடக்கவிலையாக எழுதினால் வரி 11,700 ரூபாய் கூடுதலாகப் போகும். வளையலும் பணமாகத்தான் கொடுக்கப்பட்டது. அதனால் அடக்கவிலை 1,38,267-தான். மறுபக்கமும் உண்டு. வளையலைப் போட்ட அன்றே அது விற்பனை. ‘கைக்குப் பணமே வரலையே’ என்று சொல்லிப் பயனில்லை, மாற்றிக்கொள்வதும் கைமாற்றம்தான். அந்த 90,000-இல் வளையலின் அடக்கவிலை போக மீதி, அந்த வருடத்து ஆதாயம்.

கடைச் சீட்டில் சேர்ந்து, முடிவில் ‘சேதாரம், கூலி இல்லை’ என்று எடுத்த நகைக்கு, இல்லாத கூலியைச் சேர்க்கமுடியாது. ரசீதுப்படி உண்மையில் கொடுத்ததுதான் செலவு. தள்ளுபடிக்கும் இதே கதைதான்.

பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கவிலையை ஏற்றிக் காட்டும் வசதி 2024 ஜூலையோடு நகைக்குப் போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. தங்கத்தைப் பொறுத்தவரை அந்த வருத்தம் தேவையில்லை. நம் ஆரத்துக்குப் பழைய முறையில் விலையை ஏற்றிக் காட்டி 20 சதவீதமும் செஸ்ஸும் கட்டியிருந்தால் 50,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். குறியீட்டெண்ணைவிடத் தங்கம் பல மடங்கு வேகமாக ஏறிவிட்டதால், புது முறையே லாபம்.

அம்மாவிடமிருந்து, பாட்டியிடமிருந்து வந்த நகைக்கு வருவோம். வாரிசாகவோ உயிலாலோ அன்பளிப்பாகவோ வந்த நகைக்கு, முதலில் காசு கொடுத்து வாங்கியவரின் செலவே நமக்கும் அடக்கவிலை. அவர் வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும். அதனால் நேற்றுக் கைக்கு வந்த பாட்டியின் காசுமாலையும் நீண்டகாலச் சொத்துதான்.

2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்தில் இருந்த நகைக்கு இன்னொரு வழி இருக்கிறது. உண்மையான விலைக்குப் பதிலாக, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்று ஆபரணத் தங்கம் பவுன் மூவாயிரத்துச் சொச்சம். 1975-இல் சில நூறு ரூபாய்க்கு எடுத்த நகைக்கு இது நல்ல ஏற்றம். ரசீது இல்லாத குறையும் இதில் தீரும். பதிவுபெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் எடையும் தரமும் குறித்த அறிக்கை வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் அதை நகை விற்பதற்கு முன்னால் செய்யவேண்டும். உருக்கிய பிறகு எதை மதிப்பிடுவது? சந்தை மதிப்பு என்பது அன்று விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை. ஆகவே இந்த வழியில் போனால் சேதாரம், கூலியை அதன்மேல் ஏற்ற இடமில்லை. 

2001-க்குப் பின் வாங்கி, ரசீதைத் தொலைத்த நகைதான் சிக்கல். அடக்கவிலைக்கு ஆதாரமே இல்லையென்று அதிகாரி பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், நம் ஆரத்துக்கு வரி 55,770 ஆகிவிடும். வாங்கிய கடையில் பழைய ரசீதின் நகல் கேட்டுப் பாருங்கள். கார்டிலோ காசோலையிலோ பணம் கொடுத்திருந்தால் வங்கி அறிக்கை கைகொடுக்கும். ‘கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை கணக்குக் கேட்கமாட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதற்கு உதவாது. அது வருமான வரிச் சோதனையின்போது எவ்வளவு நகையைப் பறிமுதல் செய்யாமல் விடலாம் என்று 1994-இல் அதிகாரிகளுக்குச் சொன்ன உத்தரவு. விற்ற லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பங்குகளுக்கு உள்ள 1,25,000 ரூபாய் விலக்கும் தங்கத்துக்குக் கிடையாது.

வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரி அடுக்குப்படி வரி. அவசரத்துக்கு விற்றால், சேதாரமும் கூலியும் சேர்ந்த அடக்கவிலையைவிடக் குறைவாகக் கிடைத்து நஷ்டமே வரலாம். அதையும் உரிய தேதிக்குள் கணக்கில் காட்டிவிட்டால், எட்டு ஆண்டுகள் வரை மற்ற மூலதன ஆதாயங்களில் கழித்துக்கொள்ளலாம்.

நகை யாருடையது என்பதும் வரியைப் புரட்டிப் போடும். இந்தியாவில் வசிக்கும், வேறு வருமானமே இல்லாத ஓர் அம்மா தன் ஆரத்தை விற்றிருந்தால், புதிய வரி முறையின் 4 லட்சம் ரூபாய் அடிப்படை விலக்குக்குள் 2,90,733 அடங்கிவிடும், வரியே இல்லை. அதற்காக விற்பதற்கு முதல் நாள் மனைவி பெயருக்கு மாற்றுவது செல்லாது. கணவன் வாங்கிக் கொடுத்த நகையை மனைவி விற்றால், அந்த லாபம் கணவன் வருமானத்தோடுதான் சேரும். பிறந்த வீட்டுச் சீதனமாக வந்தது அவருடையதே.

கடைசியாக நடைமுறை. நகை விற்ற ஆதாயம் இருந்தால் எளிய சஹஜ் படிவம் ஆகாது. வேறு தொழில் வருமானம் இல்லாதவருக்கு ITR-2. வாங்கிய ரசீது, விற்ற ரசீது, பணம் வந்த வங்கிப் பதிவு மூன்றும் கையில் இருக்கட்டும். இன்றைக்குக் கடையில் தரும் ரசீதுகளில் பல சில வருடங்களில் வெளுத்துப்போகும் தாளில் அச்சாகின்றன. வாங்கிய அன்றே சேதாரம், கூலி, பழைய தங்கம் கழித்த வரிகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.