புதிய பில் முறை: முதலில் ஒரே ஒரு கல்லாவில்

பில் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றும் வணிகர்கள் பெரும்பாலும் ஒரே இரவில் எல்லாக் கல்லாவிலும் மாற்றிவிடுகின்றனர். புதியதில் பிழை இருந்தால் மறுநாள் வரும் அத்தனை வாடிக்கையாளரையும் அது பாதிக்கும். இதைத் தவிர்ப்பதற்கான வழிதான் 'சுவிட்ச்' முறை.

இதில் பழைய முறை, புதிய முறை இரண்டுமே புரோகிராமுக்குள் இருக்கும். எந்தக் கல்லாவில் எது வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். அதை அணைத்தால் அடுத்த பில்லே பழைய முறைக்குத் திரும்பிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகை வணிகருக்கு விழுப்புரத்தில் நான்கு கல்லா, திண்டிவனத்தில் இரண்டு கல்லா என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் குறைந்த ஒரு நாளில் திண்டிவனத்தில் ஒரு கல்லாவுக்கு மட்டும் சுவிட்சைப் போடுகிறார். லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 26 கிலோ சிப்பத்துக்கு வரி இல்லை. புதிய முறையோ சிப்பத்துக்கும் வரி போடுகிறது. 1,500 ரூபாய் சிப்பத்துக்கு 75 ரூபாய் கூடுதல். மதியத்துக்குள் ஒன்பது சிப்பம் விற்றிருந்தால், திருப்பித் தர வேண்டியது 675 ரூபாய். ஆறு கல்லாவிலும் அதே அளவு விற்றிருந்தால் 54 பேர், 4,050 ரூபாய்.

இப்பிழையை மாலைக் கணக்கில் கண்டுபிடிக்க இயலாது. பில்லில் உள்ள தொகையைத்தான் வாடிக்கையாளர் கொடுத்திருப்பார் என்பதால் கல்லாப் பணம் சரியாகவே இருக்கும். ஆகவே முதல் இருபது பில்களைச் சோதனைக்காகப் பழைய முறையிலும் போட்டு, வரியை வரிசையாக ஒப்பிட வேண்டும். அதில் உதிரி அரிசி, 25 கிலோ பை, 26 கிலோ சிப்பம், திரும்பி வந்த சரக்கு எல்லாம் இருக்க வேண்டும். ஒத்துப்போனால் அடுத்த கல்லா, பிறகு விழுப்புரம்.

சுவிட்சை அணைப்பதால் ஏற்கெனவே போட்ட பில் மாறிவிடாது. அவற்றுக்கு கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இரு முறைகளும் ஒரே பில் எண் வரிசையையும் ஒரே சரக்குக் கணக்கையும் பயன்படுத்துகின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் பழைய முறைக்குத் திரும்பும்போது கணக்கு குழம்பும்.

எல்லாக் கல்லாவும் மாறிய பின் பழைய முறையையும் சுவிட்சையும் நீக்கிவிட வேண்டும். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனம், கைவிட்ட பழைய முறையை நீக்காமல், அதன் சுவிட்சையே புதிய வேலைக்குப் பயன்படுத்தியது. எட்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராம் ஏற்றப்படாமல் விடுபட்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சுவிட்சைப் போட்டதும் அதில் பழைய முறை விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 44 கோடி டாலரைத் தாண்டியது.