வெயிட்டிங் லிஸ்ட் எண்ணுக்கு முன்னால் நிற்கும் நான்கு எழுத்து

சங்கராபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. சேலம் பக்கம் போகிறவர்கள் சின்னசேலத்தில் ஏறலாம். டெல்லி போன்ற தூரப் பயணம் என்றால் பஸ் பிடித்து விழுப்புரம் போவதே வழக்கம். தெற்கிலிருந்து வடக்கே போகும் நெடுந்தூர ரயில்களுக்கு விழுப்புரம் நடுவழி நிலையம். நம் ஊர்க்காரர்களின் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். மாலையில் கிளம்பும் இந்த ரயில் நள்ளிரவைத் தாண்டித்தான் விழுப்புரம் வருகிறது. மே 16 அன்று நீங்கள் விழுப்புரத்தில் ஏறும் ரயில், மே 15 அன்றே கன்னியாகுமரியில் புறப்பட்டுவிட்டது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அந்த 60 நாளை நீங்கள் ஏறும் தேதியிலிருந்து எண்ணுவதில்லை, ரயில் கிளம்பும் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஆகவே பதிவு மார்ச் 16 காலை 8 மணிக்கே திறந்துவிடும். 16-ஆம் தேதிப் பயணம்தானே என்று கணக்குப் போட்டு மார்ச் 17 அன்று உட்காருபவர் ஒரு முழு நாளை இழந்திருப்பார். இணையத்தில் பதிவு செய்பவர்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கணக்குகளுக்கு, திறக்கும் நேரத்தில் பதிவு செய்ய முடியாது.

அப்படியும் இடம் கிடைக்கவில்லை என்றால், எண்ணைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் அதன் முன்னால் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். `GNWL` என்றால் பொது ஒதுக்கீட்டின் வரிசை. ரயிலின் பெரும்பாலான படுக்கைகள் இதில்தான் இருக்கும். அவற்றில் யார் ரத்து செய்தாலும் இந்த வரிசை நகரும். `RLWL` என்பது நடுவழியிலுள்ள குறிப்பிட்ட ஊர்களுக்கென ஒதுக்கிய சில படுக்கைகளின் வரிசை. `PQWL` என்பது பல சிறு நிலையங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒதுக்கீட்டின் வரிசை. பின்னிரண்டிலும் ரத்தாகக்கூடிய இடங்களே குறைவு. அதனால் `GNWL` 30 உறுதியாகும் ரயிலில் `PQWL` 8 கடைசிவரை அசையாமல் நிற்பதுண்டு. பிஎன்ஆர் பார்க்கும்போது `GNWL 42/WL 11` என்று வந்தால், 42 பதிவு செய்த அன்றைய இடம், 11 இன்றைய இடம்.

எந்த வரிசை என்பதைப் பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் புறப்படும் ஊரும் சேரும் ஊரும்தான் தீர்மானிக்கின்றன. விழுப்புரம்–நிஜாமுதீன் என்று தேடும்போது `PQWL` அல்லது `RLWL` காட்டினால், கன்னியாகுமரி–நிஜாமுதீன் என்று மாற்றித் தேடிப் பாருங்கள். அங்கே இடமே இருக்கலாம், குறைந்தது `GNWL` ஆவது கிடைக்கலாம். கட்டணம் கூடும்தான். ஆனால் தூரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போவதால், கூடுதல் தொகை நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. பதிவு செய்யும்போதே ஏறும் நிலையமாக விழுப்புரத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இதை மறந்தால், கன்னியாகுமரியில் ஆள் ஏறவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

பயண நாள் நெருங்கியும் நிலை மாறவில்லையென்றால் தட்கல் இருக்கிறது. அதன் கணக்கும் ரயில் கிளம்பும் நாளை வைத்துத்தான். நம் எடுத்துக்காட்டில் மே 14 அன்று ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். சார்ட் தயாராவது அதற்கு மறுநாள்தான் என்பதால், முடிவு தெரிவதற்கு முன்பே நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும். 14 காலையிலும் எண் இரண்டு இலக்கத்தில் நின்றால் நான் தட்கலுக்கே போவேன். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. பழைய வெயிட்டிங் டிக்கெட்டை ரத்து செய்தாலோ, ஸ்லீப்பரில் ஆளுக்கு 60 ரூபாய்தான் பிடிப்பார்கள்.

சார்ட் வந்தபின் `RAC` என்று இருந்தால் தயங்காமல் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும், வழியில் படுக்கை கிடைக்கவும் வாய்ப்புண்டு. டிக்கெட்டில் உள்ள எல்லோரும் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால், இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறுவது டிக்கெட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம். கவுன்டரில் எடுத்தது தானாக ரத்தாகாது. ரயில் கிளம்ப 30 நிமிடத்துக்கு முன்புவரைதான் அதை ரத்து செய்து பணம் பெற முடியும். அதை வைத்துப் பொதுப் பெட்டியில் மட்டும் போகலாம், ஸ்லீப்பரில் ஏறினால் அபராதம் கட்ட நேரிடும். சங்கராபுரத்திலிருந்து கிளம்பும்போதே கைப்பேசியில் பிஎன்ஆரைப் பார்த்துவிட்டால், ரத்து செய்ய வேண்டியதைப் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்துவிடலாம்.