நால்வருக்கான கிச்சடி முந்நூறு பேருக்கு: பெருக்கலில் அடங்காத மூன்று அளவுகள்

வீட்டில் நால்வருக்குச் சமைக்கும் ஒரு பண்டத்தை முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டுமாயின், எல்லாப் பொருள்களையும் எழுபத்தைந்தால் பெருக்கினால் போதும் என்றே யாரும் முதலில் எண்ணுவர். அரிசிக்கும் பருப்புக்கும் இக்கணக்குப் பொருந்தும். நீருக்கும், காரத்துக்கும், உணவு ஆறும் நேரத்துக்கும் பொருந்தாது. முதலிரண்டில் பிழை நேர்ந்தால் சுவை கெடும். மூன்றாவதில் நேர்ந்தால் உடல்நலமே கெடும்.

அரிசியும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் கிச்சடியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வங்காளத்திலும் வட மாநிலங்களிலும் பள்ளி மதிய உணவில் இது வழக்கமாக இடம்பெறுகிறது. 2021-இல் பிரதம மந்திரி போஷண் எனப் பெயர் மாற்றம் பெற்ற மதிய உணவுத் திட்டத்தில், தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என அளவு வகுக்கப்பட்டுள்ளது. எனவே நான்கு குழந்தைகளுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 80 கிராம், காய்கறி 200 கிராம், எண்ணெய் 20 கிராம் தேவை. இவற்றோடு 14 கிராம் உப்பும் 1600 மில்லிலிட்டர் நீரும் சேர்த்து, 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் சமைத்ததாகக் கொள்வோம்.

முதலில் செய்ய வேண்டியது இந்தச் சிறு சமையலை எடைபோட்டு அறிவதாகும். சேர்த்த பொருள்களின் மொத்த எடையிலிருந்து வெந்த கிச்சடியின் எடையைக் கழித்தால், ஆவியாய்ப் போன நீரின் அளவு கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் அது 400 கிராம் என்க. அப்படியானால் உணவில் தங்கிய நீர் 1200 கிராம். வெந்த உணவின் எடை ஏறத்தாழ 1900 கிராம். "கைப்பிடி", "தேவையான அளவு" என்னும் குறிப்புகள் எல்லாம் இந்நிலையிலேயே கிராமாக மாற்றப்பட வேண்டும்.

இனிப் பெரிய சமையலுக்கு வருவோம். முந்நூறு பேருக்கான உணவை ஒரே கொப்பரையில் சமைப்பதைவிட, 150 பேருக்கு ஒன்றாக இரண்டு பாத்திரங்களில் சமைப்பது கிளறுவதற்கு எளிது. ஒவ்வொன்றுக்கும் பெருக்கும் எண் 37.5. அரிசி 15 கிலோ, பருப்பு 3 கிலோ, காய்கறி 7.5 கிலோ, எண்ணெய் 750 கிராம், உப்பு 525 கிராம் என ஆகும்.

நீரையும் அவ்வாறே பெருக்கினால் 60 லிட்டர் வரும். ஆனால் நீர் மேற்பரப்பின் வழியே ஆவியாகிறது. மேற்பரப்போ உணவின் அளவுக்கு ஒப்பப் பெருகுவதில்லை. பாத்திரத்தின் விட்டம் 22-இலிருந்து 60 சென்டிமீட்டராக உயர்ந்தால், பரப்பு சுமார் ஏழரை மடங்குதான் ஆகிறது. வீட்டில் அரைமணியில் 400 மில்லிலிட்டர் ஆவியாயிற்று எனில், இங்கே அதே நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர் ஆவியாகும். பெரிய பாத்திரம் ஒரு மணி நேரம் கொதிக்குமாயின் 6 லிட்டர். உணவில் தங்க வேண்டிய நீர் 45 லிட்டர். ஆகவே தேவைப்படுவது 51 லிட்டரே. வெறும் பெருக்கல் 9 லிட்டரை மிகையாகச் சேர்த்துவிடுகிறது.

சுவை மாறுவதன் காரணம் இங்கேதான் உள்ளது. வீட்டுக் கிச்சடியில் கிலோவுக்கு 7.4 கிராம் உப்பு இருந்தது. 9 லிட்டர் நீர் மிகுந்தால் அது 6.5 கிராமாகக் குறைகிறது. உணவு நீர்த்தும் சப்பென்றும் இருக்கக் கண்ட சமையற்காரர் மேலும் உப்பைச் சேர்க்கிறார். நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வற்றச் செய்ததும் அவ்வுப்பு மிகுந்துவிடுகிறது. குறை உப்பில் இல்லை, நீரில்தான் என்பதை உணர்ந்தால் இவ்வீண் முயற்சி தேவைப்படாது. அடுப்பின் வேகத்துக்கேற்ப ஆவியாகும் அளவு மாறும். ஆதலால் முதன்முறை 48 லிட்டரில் தொடங்கி, எஞ்சிய நீரைத் தனியே கொதிக்கவைத்து, வேண்டும்போது ஊற்றுவதே நன்று. எவ்வளவு சென்றது என்பதைக் குறித்துக்கொண்டால், மறுமுறை அதுவே அந்தப் பாத்திரத்துக்கும் அந்த அடுப்புக்கும் உரிய அளவாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வளவு நீர் கொதிநிலையை எட்ட நெடுநேரமாகும். அரிசியைக் குளிர்ந்த நீரிலேயே இட்டால், கொதி வருமுன் ஊறிக் குழைந்து அடியில் பிடிக்கும். நீர் கொதித்த பின் பருப்பையும், அது பாதி வெந்த பின் அரிசியையும் இடுதல் வேண்டும். மிளகாயும் மசாலைப் பொருள்களும் வீட்டில் கொதிப்பதைவிட இங்கே அதிக நேரம் கொதிப்பதால், கணக்கில் வரும் அளவில் முக்கால் பங்கை மட்டும் முதலில் சேர்த்து, இறுதியில் சுவைத்துப் பார்த்து எஞ்சியதைச் சேர்க்கலாம். தாளிதத்தைக் கடைசியில் கொட்டினால் மணம் ஆவியோடு போகாது.

இனி உஷ்ணநிலை. 5 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள இடைவெளியில் நுண்ணுயிர்கள் பெருகக்கூடும். வெந்த உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்து வழங்குவது விதி. மூடிய பெரிய பாத்திரத்தில் இது எளிது. அகன்ற சிறு பாத்திரங்களில் மாற்றி வைத்தால் வெகு விரைவில் ஆறும். எனவே வரிசைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். சூடு காக்கப்படுகிறதா என்று அறிய உஷ்ணமானியை ஓரத்திலும் மேற்பரப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும்; முதலில் ஆறுவது அப்பகுதியே. உஷ்ணமானி சரியானதா என்பதை, உருகும் பனிக்கட்டி நீரில் அது 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்து அறியலாம்.

மிஞ்சிய உணவைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாகிறது. கெட்டியான கிச்சடியினுள் வெப்பம் மெதுவாகவே பரவும். ஆறும் நேரம் ஆழத்தின் வர்க்கத்துக்கு ஒப்ப உயரும். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பிய உணவு ஆற ஒரு மணி நேரம் ஆனால், 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தின் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். பக்கங்களின் வழியே வெப்பம் வெளியேறுவதால் இந்நேரம் ஓரளவு குறையுமேயன்றி, அபாயம் நீங்காது. மேலே தொட்டால் குளிர்ந்திருக்கும்; நடுவிலோ பல மணி நேரம் வெதுவெதுப்பு நீடிக்கும்.

அரிசியில் இயல்பாகக் காணப்படும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதித்தாலும் சாவதில்லை. அவ்வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில வகை உண்டாக்கும் நச்சுப்பொருள் வாந்தியை விளைவிக்கும். அது மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. சுவையிலோ மணத்திலோ தன்னைக் காட்டிக்கொள்வதுமில்லை. 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு வழிகாட்டுநெறிகள், ஆசிரியர் ஒருவரேனும் உள்ளிட்ட பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்த்த பின்னரே குழந்தைகளுக்கு வழங்க வேண்டும் எனக் கூறுகின்றன. உப்பு, காரம், வேக்காடு ஆகியவற்றை இச்சோதனை காட்டும், நச்சைக் காட்டாது. நச்சுக்குக் காவல் நேரமும் உஷ்ணநிலையுமே.

ஆதலால் குளிர்பதன வசதியில்லாத பள்ளியில் மிஞ்சிய கிச்சடியை மாலைக்கோ மறுநாளைக்கோ வைத்திருத்தல் கூடாது. அன்றைய வருகையைக் காலையிலேயே எண்ணி, அதற்கேற்ப அரிசியை எடைபோடுவதே மிச்சத்தைத் தவிர்க்கும் வழி. சமையலறைச் சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, வருகை, அரிசியின் எடை, ஊற்றிய நீர், கொதித்த நேரம், அடுப்பிலிருந்து இறக்கிய நேரம், கடைசி வரிசையில் உணவின் உஷ்ணநிலை ஆகிய ஆறு குறிப்புகளை நாள்தோறும் எழுதி வரலாம். சமைப்பவர் மாறினாலும் சுவை மாறாதிருக்க முதல் நான்கும், உணவு பழுதுறாதிருக்க இறுதி இரண்டும் உதவும்.