வளைகுடா மடலில் 'நாம்': கணவன் மனைவிக்கு எழுதும் தமிழும் மொழிபெயர்ப்பும்

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டட வேலைகள் பெருகின. தமிழகத்திலிருந்து சென்ற கொத்தனார், கம்பி கட்டுவோர், தச்சர், ஓட்டுநர் முதலியோர் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டே சென்றனர். தொலைபேசியில் பேசுதல் அரிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த அக்காலத்தில் கணவன் மனைவியரிடையே பாலமாக இருந்தது கடிதமே. இக்கடிதங்களைக் காதற் கடிதங்கள் எனக் கூற முதற்கண் தயக்கம் எழலாம். 'காதல்' என்னும் சொல் அவற்றில் பெரும்பாலும் இராது. பணம், கூரை, குழந்தையின் காய்ச்சல் ஆகியவையே பக்கத்தை நிரப்பும். அன்பைப் பெயர்ச்சொற்களில் தேடுவோர்க்கு அது அகப்படாது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப் பாகுபாட்டை எழுதுவோன் கையாளும் முறையில்தான் அது புலப்படுகின்றது.

கீழே தரப்படுவது எவரொருவருடைய மடலும் அன்று. 1980களின் மடல்களில் பயின்ற வாய்பாடுகளைக் கொண்டு, ஆய்வின்பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரியாகும்.

"அன்புள்ள மனைவிக்கு உன் கணவர் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அதுபோல் உன் நலமும் அம்மா, அப்பா, குழந்தைகள் நலமும் அறிய ஆவல். நீ போட்ட லெட்டர் கிடைத்தது. இங்கே நாங்கள் எட்டுப் பேர் ஒரு ரூமில் இருக்கிறோம். சமையல் முறை வைத்துச் செய்கிறோம். நேற்று என் முறை, ரசம் வைத்தேன். உன் கை ருசி வரவில்லை. கொல்லையில் வைத்த முருங்கை காய்த்ததா? மழைக்கு முன்னால் நாம் ஓடு மாற்றிவிட வேண்டும். அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படு. ஆடிக்கு வரலாம் என்றிருந்தேன், கம்பெனியில் லீவு தரவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன். மற்றவை நேரில்."

தொடக்கத் தொடர் படர்க்கையில் அமைந்துள்ளது. 'எழுதிக்கொள்வது' என்பது தன்மை விகுதி ஏலாத வடிவம். 'உன் கணவர்' என எழுதுவோன் தன்னையே மரியாதைப் பன்மையில் சுட்டுவது தற்பெருமையன்று. மனைவி தன்னைக் குறிக்கும் வடிவத்தையே அவன் கடன் வாங்குகிறான். இவ்வாய்பாடு எழுத்துவழக்கிற்கு உரியது. ஊர்ப்பள்ளியில் கற்றதோ, பிறருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்த பெரியவரிடம் கேட்டதோ ஆகலாம். 'லெட்டர்' என்னும் சொல்லோடு நடை மாறுகின்றது. 'ரூம்', 'லீவு' போன்ற பேச்சுச் சொற்கள் நுழைகின்றன. இருப்பினும் வினைமுற்றுகள் 'இருக்கிறோம்', 'செய்கிறோம்' என எழுத்துவழக்கிலேயே நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் மடல் முழுவதையும் ஒரே நடையில் தருவாராயின், வாய்பாட்டிலிருந்து வாழ்க்கைக்குள் இறங்கும் இப்படி மறைந்துவிடும்.

மடலின் மையம் 'நாங்கள்', 'நாம்' என்னும் இரு சொற்களில் உள்ளது. எட்டுப் பேர் தங்கும் அறையைக் கூறுமிடத்தில் கேட்போரை விலக்கும் 'நாங்கள்' வருகின்றது; மனைவி அவ்வறையில் இல்லை. ஓடு மாற்றுவதைக் கூறுமிடத்தில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்' வருகின்றது. உண்மையில் ஓடு மாற்றப்போவது அவன் அல்லன். கொத்தனாரை அழைப்பதும், ஓட்டை எண்ணி வாங்குவதும், கூலி கொடுப்பதும் வீட்டிலுள்ளோரே. 'நீங்கள் மாற்றிவிடுங்கள்' என்று எழுதியிருப்பின் செய்தி மாறாது. ஆனால் அவன் வீட்டிற்கு வெளியே நின்று ஏவுபவனாகியிருப்பான். 'நாம்' என்ற ஒரு சொல்லால் உடலால் இருக்கும் அறையிலிருந்து விலகி, இல்லாத கூரையின் கீழ் வந்து நிற்கிறான்.

இவ்வேறுபாடு எல்லா மொழிக்கும் செல்லாது. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்றும், மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்றும் இணையான வடிவங்கள் உள்ளன. மலையாளத்திலும் குஜராத்தியிலும் அவ்வாறே. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே; இந்தியில் 'ஹம்' ஒன்றே; ஆங்கிலத்திலும் ஒரே சொல். அம்மொழிகளில் நேராகப் பெயர்த்தால், அறையிலுள்ள எட்டுப் பேரும் சேர்ந்து ஓடு மாற்றப்போவதுபோல் ஒரு மயக்கம் தோன்றும். முதலிடத்தில் 'இங்குள்ள எட்டுப் பேரும்' எனப் பொருள்படப் பெயர்த்துவிட்டால் மயக்கம் நீங்கும். இரண்டாமிடத்தில் 'நீயும் நானும்' எனப் பொருள்படப் பெயர்க்கும் ஆசை எழும். அங்குக் கருத்து வேண்டும். கூட்டுக் குடும்பத்து 'நாம்' மாமனார் மாமியாரையும் உளப்படுத்தும். பணம் அப்பாவின் கைக்குச் செல்கிறது என்பதால் ஓடு மாற்றுவதிலும் அவருக்குப் பங்குண்டு. எனவே இவ்விடத்தில் 'நம் வீட்டு ஓட்டை மாற்றவேண்டும்' என வீட்டைச் சேர்த்துப் பெயர்ப்பதே போதுமானது. இருவரை மட்டும் சுட்டும் இடம் ரசத்தைப் பற்றிய தொடரே. அதில் பன்மையே இல்லை, 'உன் கை' என்னும் ஒருமை மட்டும் உள்ளது.

அடுத்தது 'வா' என்னும் வினை. பொங்கல் பயணத்தை அறைத் தோழரிடம் கூறும்போது அவன் 'ஊருக்குப் போகிறேன்' என்பான். மனைவிக்கு எழுதும்போது 'வந்துவிடுவேன்' என்கிறான். பயணம் ஒன்றே, சுட்டின் மையம் மட்டும் மனைவி இருக்கும் இடத்திற்கு நகர்கிறது. வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கின்றது. மாதிரி மடல் இவ்விதியோடு பொருந்துகின்றது: விடுப்பு தன்னை நோக்கி வரவேண்டியதாகலின் 'தரவில்லை', பணம் தந்தையிடம் சேர்வதாகலின் 'கொடுக்க'. இன்றைய தமிழில் 'கொடு' மூவிடத்தும் பரவி, 'தா' சுருங்கி வருகின்றது. ஆதலால் 'தா, கொடு' வேறுபாட்டைக் கொண்டு உணர்வை அளப்பது பிழையாக முடியலாம். 'வா, போ' வேறுபாடோ இன்றும் உறுதியாக நிற்கின்றது. ஆங்கிலத்திலும் கேட்போர் இருக்கும் இடம் நோக்கிய பயணத்திற்கு 'வருதல்' வினை இயல்பாதலின் இடர் இல்லை. ஸ்பானியம், ஜப்பானியம் போன்ற மொழிகளில் அவ்விடத்தில் 'போதல்' வினையே வரும். அங்கு இந்நகர்வை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும்.

மடல் ஏன் இவ்வளவு மறைவாகப் பேசுகின்றது என்பதற்கு விடை அதன் வாசகரிடம் உள்ளது. உறையில் மனைவியின் பெயர் இருப்பினும், பல வீடுகளில் மடலை உரக்கப் படித்தவர் மைத்துனனோ பள்ளிப் பிள்ளையோ ஆவர்; மாமியார் அருகிருந்து கேட்பார். எழுதுவோனுக்கு அது தெரியும். அதனால்தான் அன்பு ஏவல் வினைகளில் ஒதுங்குகின்றது. 'சாப்பிடு', 'தாழ்ப்பாள் போட்டுப் படு' என்பவை எவர் காதிலும் விழலாம். இவற்றைக் கட்டளைத் தொனியில் பெயர்ப்பது அதிகாரமாக ஒலிக்கும். 'உன்னைக் கவனித்துக்கொள்' எனப் பொதுமையாக்குவது தாழ்ப்பாளை இழக்கச் செய்யும். தாழ்ப்பாள் இருக்க வேண்டும்: அவள் தனியே படுக்கிறாள் என்பதை அவன் நினைத்திருப்பதற்கு மடலில் அது ஒன்றே சான்று.

'மற்றவை நேரில்' என்பது நண்பர்க்கும் உறவினர்க்கும் எழுதும் முடிப்பு வாய்பாடே. பிறர் கேட்க இயலாத அனைத்தையும் இங்கு அது ஒத்திவைக்கின்றது. இதில் வினை இல்லை, எழுவாய் இல்லை, யார் கூறுவர், யார் கேட்பர் என்பதும் இல்லை. பெயர்ப்பில் 'நான் சொல்கிறேன்' என்றோ 'நாம் பேசுவோம்' என்றோ நிரப்பினால், கேட்டுக்கொண்டிருக்கும் மாமியாருக்கும் விடை கிடைத்துவிடும். எஞ்சியது நேரில் என்னும் அளவில், வினையின்றியே நிறுத்துவது தகும்.