டப்பிங் கலைஞரின் புரொஃபைல்: எழுத வேண்டியதும் விட வேண்டியதும்

டப்பிங் கலைஞர் ஒருவர் வாய்ப்புக்காக அனுப்பும் புரொஃபைல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதோடு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடும் குரல் மாதிரி ஒன்றும் போகும். அதைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டியது ஒரே கேள்விக்கு விடை: திரையில் தெரியும் இந்த முகத்துக்கு இந்தக் குரல் ஒட்டுமா? நடிகரின் புரொஃபைலில் புகைப்படமும் உயரமும் முதலில் வரும். டப்பிங்கில் அந்த இடம் குரலின் வயதுக்கு உரியது.

குரலின் வயதும் ஆளின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாற்பது வயதுப் பெண்கள் சிறுவர்களுக்குக் குரல் கொடுப்பது ஸ்டுடியோக்களில் வழக்கமான காட்சி. எனவே “20 முதல் 35 வயதுவரை இயல்பாகப் பேச முடியும், 8 வயதுச் சிறுவன் குரலும் வரும்” என்று எழுதுவதே பயனுள்ள தகவல். “எல்லா வயதுக் குரலும் செய்வேன்” என்பது எதையும் சொல்லாத வரி. குரலை மாற்றுவது எளிது, மாற்றிய குரலிலேயே இரண்டு மணி நேரம் பேசுவதுதான் கடினம். தொண்டையை இறுக்கிக் கொண்டுவரும் கிழவிக் குரல் பத்தாவது வசனத்தில் நழுவும். முதல் ரீலிலும் கடைசி ரீலிலும் ஒரே பாத்திரம் இரண்டு ஆட்களாகக் கேட்கும். ஒரு மாதிரியைக் கேட்டு இதைக் கண்டுபிடிப்பது சிரமம். அதனால் நீண்ட நேரம் தாங்கும் குரல்கள் எவை, ஓரிரு வசனத்துக்கு மட்டும் வரும் குரல்கள் எவை என்று கலைஞரே பிரித்து எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

பயிற்சி பற்றிய பகுதி சுருக்கமாக இருக்கலாம். நாடகக் குழு, பாட்டுப் பயிற்சி, வானொலி அனுபவம் ஆகியவை போதும். அகில இந்திய வானொலி தன் நாடகக் கலைஞர்களைக் குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறது. அந்தத் தரம் இருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். வெளியார் ஒருவர் காதால் கேட்டு அளித்த மதிப்பீடு அது. மொழிகளைச் சொல்லும்போது பேசுவது, படிப்பது இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். தெலுங்கு சரளமாகப் பேசும் ஒருவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். மைக் முன்னால் நின்ற பிறகு அது தெரியவந்தால், வசனத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதிகக் குழப்பம் நேர்வது முந்தைய பணிகளின் பட்டியலில். திரை நடிகர் நடித்ததைப் படத்தைப் பார்த்தே சரிபார்க்கலாம். குரல் கலைஞரின் வேலையோ இன்னொருவரின் முகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் படம், ஆண்டு, யாருடைய பாத்திரம், எந்த மொழி ஆகிய நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். 2018இல் வெளியான ‘96’ படத்தில் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. “96, 2018, த்ரிஷா, தமிழ்” என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே ஒரு குரல் நினைவுக்கு வரும். “96 படத்தில் டப்பிங்” என்று மட்டும் எழுதினால், அது கதாநாயகியின் குரலா, பள்ளிக்கூடக் காட்சியின் கூட்டக் குரலா என்று தெரியாது.

கூட்டக் குரலில் பேசியதும் வேலைதான். ஆனால் அதைத் தனித் தலைப்பில் போட வேண்டும். மதுரையைச் சேர்ந்த 34 வயதுக் கலைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய புரொஃபைலில் “நாற்பது படங்கள்” என்று ஒரு வரி இருந்தது. அவற்றில் 36 கூட்டக் குரல். 3 படங்களில் சிறு பாத்திரங்கள். ஒரு மொழிமாற்றத் தொடரில் நாயகியின் அம்மா. புதிய பக்கத்தில் அந்த அம்மா பாத்திரம் முதல் வரியானது. அடுத்து மூன்று சிறு பாத்திரங்கள் வந்தன. கூட்டக் குரல் வேலை முழுவதும் ஒரே வரியில் முடிந்தது. “மதுரை வழக்கு இயல்பாக வரும், கொங்கு வழக்கு பயிற்சியால் வரும்” என்ற வரியும் சேர்ந்தது. எண்ணிக்கை குறைந்தாலும், நடுத்தர வயதுப் பெண் குரல் தேடுபவருக்கு இவர் யாரென்று இப்போது புரிகிறது.

இன்னும் வெளிவராத தொடர்களில் பேசியிருந்தால் பெயரைப் போடக் கூடாது. ஒப்பந்தம் பெரும்பாலும் அதைத் தடுக்கும். “வெளிவராத தொடர், இரண்டாம் நாயகி” என்றாலே போதும்.

எழுதியதற்கெல்லாம் குரல் மாதிரியில் சான்று இருக்க வேண்டும். மிக இயல்பான குரல் முதல் பத்து விநாடிக்குள் வந்துவிடட்டும். பின்னணி இசையும் எதிரொலியும் சேர்த்தால் குரலின் உண்மையான தன்மை மறைந்துபோகும். வீட்டில் பதிவு செய்பவர்கள் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். வசனம் மட்டுமில்லாமல் அழுகை, இருமல், ஓடி வந்து இரைக்கும் மூச்சு ஆகியவற்றையும் சில விநாடிகள் சேர்க்கலாம். நன்றாக வசனம் பேசும் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாதிரியைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஸ்டுடியோவுக்கு வரும் குரல் அனுப்பிய குரலாகவே இருக்க வேண்டும்.