விரல் வழியே ஏறும் நிக்கோட்டின்

தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களில் பெரும்பாலோர் ஒரு பீடியையும் பற்றவைத்துப் பார்த்தவர்கள் அல்லர். மருத்துவர் 'புகையிலைப் பழக்கம் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். சீட்டிலும் அப்படியே பதிவாகும். பழக்கத்தைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரிதான். உடலைப் பொறுத்தவரை தவறு. மூக்கில் ஏறும் தூசு தும்மலாகவும் இருமலாகவும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தோல் வழியே நுழையும் நிக்கோட்டினுக்கு அப்படித் தனித்துக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி இல்லை. அதனால்தான் அது கணக்கிலேயே வராமல் போகிறது.

தோல் எதையும் உள்ளே விடாத சுவர் என்று நினைக்கிறோம். ஆனால் புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்குத் தரப்படும் நிக்கோட்டின் பட்டை வேலை செய்வதே, தோல் அந்தப் பொருளை உள்ளே விடுவதால்தான். காரத்தன்மை உள்ள சூழலில் நிக்கோட்டின் மின்னூட்டமற்ற மூலக்கூறாக இருக்கும். அந்த வடிவில் அது தோலின் கொழுப்பு அடுக்கை எளிதாகக் கடக்கும். ஈரமும் வியர்வையும் அதற்குத் துணை. பீடி சுற்றும் முறையிலோ ஈரம் தவிர்க்க முடியாதது. இலை காய்ந்திருந்தால் சுருட்டும்போது ஒடியும் என்பதால் அதை நனைத்துப் பதமாக்கி, அளவுக்கு வெட்டி, அந்த ஈரக் கையாலேயே மடியிலுள்ள தட்டிலிருந்து தூளை அள்ளி வைத்துச் சுற்றுகிறார்கள். ஒரு பீடியில் சுமார் 0.2 கிராம் தூள் இருக்கும். நாளைக்கு 1,000 பீடி என்றால் 200 கிராம். பீடித் தூளில் கிராமுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் நிக்கோட்டின் அளக்கப்பட்டுள்ளது. இது வழக்கமான சிகரெட் புகையிலையில் உள்ளதைவிட அதிகம். அப்படியானால் ஒரே நாளில் அந்த விரல்கள் தொடும் நிக்கோட்டின் சுமார் 4,200 மில்லிகிராம். வீரியம் மிகுந்த பட்டை ஒன்று ஒரு நாள் முழுவதும் உடலுக்குள் செலுத்துவது 21 மில்லிகிராம்தான். தொட்டதில் அரை சதவீதம் உள்ளே போனாலே அந்த அளவு ஆகிவிடும். இது அளந்து கண்ட முடிவல்ல, கணக்கு மட்டுமே. ஆனாலும் 'கையில்தானே படுகிறது' என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. உடலுக்குள் சென்ற நிக்கோட்டினைக் கல்லீரல் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. 1990-களின் தொடக்கத்தில் மும்பைப் புற்றுநோய் ஆய்வாளர்கள், பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில் அந்தக் கோட்டினின் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பீடி சுற்றுவோர் சொல்லும் தலைவலி, கிறுகிறுப்பு, ஓங்கரிப்பு எல்லாம் ரத்தசோகையாலும் வருபவைதானே என்று கேட்கலாம். வருபவைதான், அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் ரத்தசோகை சிறுநீரில் கோட்டினினை உண்டாக்காது. அதே ஆய்வாளர்கள் மரபணுச் சேதத்தின் அடையாளங்களையும் கண்டார்கள். அதைக்கொண்டு பீடி சுற்றுவோருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. சேதத்தின் அடையாளம் வேறு, நோய் வேறு. 'நாற்பது வருசமா சுத்துறேன், ஒண்ணும் பண்ணல, பழகிப்போச்சு' என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. நிக்கோட்டினுக்கு மூளை பழகுவதால் கிறுகிறுப்பு குறைகிறது. உள்ளே போகும் அளவு குறைவதில்லை. கோட்டினினின் அளவு பாதியாகவே சுமார் 16 மணி நேரம் ஆகும். தினமும் தட்டின் முன் உட்காருபவரின் உடல் அது முற்றிலும் நீங்கிய நிலையை எட்டுவதே இல்லை.

முகக்கவசம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்ற யோசனை இங்கேதான் தடுமாறுகிறது. தூசுக்கு அது உதவும், விரலுக்கு உதவாது. கையுறை போட்டால் விரல் நுனியால் பீடியின் வாயை மடிக்கவும் நூல் கட்டவும் முடியாது. வேகம் குறைந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். போதாததற்கு, வேலை நடக்கும் இடம் வீடு. அதே கை குழந்தையைத் தூக்குகிறது, சோறு பிசைகிறது. தாய்ப்பாலில் நிக்கோட்டின், தாயின் ரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு செறிவில் சேரும். கருவுற்றவருக்கு நஞ்சுக்கொடியையும் கடக்கும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் காற்றோட்டத்துக்கும் தூசுக்கும் விதி எழுதியது. ஆனால் அந்த விதிகள் பொருந்தும் தொழிலிடம் எது என்று வரையறுத்தபோது, தனியார் குடியிருப்பு வீட்டை அதற்கு வெளியே நிறுத்தியது. பீடி பெரும்பாலும் சுற்றப்படுவது அந்த வீடுகளில்தான்.

மாற்று வேலை வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. சோற்றையோ குழந்தையையோ தொடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுவது, தூளை மூடிய டப்பாவில் அடுப்படிக்கும் படுக்கைக்கும் தள்ளி வைப்பது, மடியில் தூள் படிந்த சேலையை மாற்றிவிட்டுப் பால் கொடுப்பது ஆகியவை நுழையும் அளவைக் குறைக்கும். ஆனால் இந்தப் பாரத்தை அந்தப் பெண்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. பீடி வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது, 'புகையிலைப் பழக்கம் உண்டா?' என்பதோடு நிறுத்தாமல் 'பீடி சுற்றுகிறீர்களா, நாளைக்கு எத்தனை?' என்றும் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும்.